நெட்வொர்க் மருத்துவமனை கேஷ்லெஸ் தர மறுக்கிறது: பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு கேட்டுக்கொள்ளலாமா?

வைகைக்கரை | திங்கள், காலை 10.20

என் தந்தைக்கு வயது 63. பித்தப்பையில் கல் இருப்பதால் லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை அகற்ற வேண்டும் என்று மருத்துவர் கூறியிருக்கிறார், வருகிற வியாழக்கிழமை அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறோம். பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் 5 லட்சத்துக்குக் குடும்பப் பாலிசி வைத்திருக்கிறோம். ஆறு ஆண்டுகளாக இடைவெளியின்றிப் புதுப்பித்து வருகிறோம். மருத்துவமனை சென்னையில் இருக்கிறது, நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள நெட்வொர்க் பட்டியலில் அதன் பெயரை நேற்று இரவும் பார்த்தேன்.

இன்று காலை இன்சூரன்ஸ் டெஸ்க்கில் கேட்டபோது, "உங்கள் கம்பெனிக்கு இப்போது கேஷ்லெஸ் செய்வதில்லை, பணம் கட்டிவிடுங்கள், பில் எல்லாம் தருகிறோம், ரீஇம்பர்ஸ்மெண்ட் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். மதிப்பீடாக 1,42,000 ரூபாய் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பணத்தைப் புரட்டிவிட முடியும். என் கேள்வி ஒன்றுதான்: எப்படியும் திரும்பக் கிடைக்கப் போகிற பணம் என்றால், கேஷ்லெஸ்ஸுக்காக மல்லுக்கட்ட வேண்டிய அவசியம் உண்டா?

காவேரித்தென்றல் | திங்கள், காலை 10.55

மல்லுக்கட்டவே தேவையில்லை, ஐயா, சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2024 மே மாதத்தில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வெளியிட்ட சுற்றறிக்கையின்படி கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அனுமதித்ததாகவே பொருள். அதோடு 2024 ஜனவரி முதல் எல்லா மருத்துவமனைகளிலும் கேஷ்லெஸ் உண்டு என்று அறிவித்துவிட்டார்கள். ஆகவே அந்த மருத்துவமனை மறுக்கவே முடியாது. இதை டெஸ்க்கில் போய்ச் சொல்லுங்கள்.

பழைய டிபிஏ ஆள் | திங்கள், பகல் 12.10

காவேரித்தென்றல் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியை நம்பி டெஸ்க்குக்குப் போனால் இழையைத் தொடங்கியவர் வெறுங்கையோடு திரும்புவார். நான் பதினொரு ஆண்டுகள், காப்பீட்டு நிறுவனங்களின் சார்பில் கோரிக்கைகளைக் கையாளும் ஒரு டிபிஏ நிறுவனத்தில் முன் அனுமதிக் கோரிக்கைகளைப் பார்க்கும் பிரிவில் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு மணி நேரக் கெடு உண்மைதான். ஆனால் அது காப்பீட்டு நிறுவனத்துக்கு விதிக்கப்பட்ட கெடு, மருத்துவமனை கோரிக்கையை அனுப்பிய பிறகுதான் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கும். கோரிக்கையே அனுப்பப்படாத இடத்தில் கெடுவும் இல்லை. கெடு தாண்டினால் அனுமதித்ததாகப் பொருள் என்று அந்தச் சுற்றறிக்கையில் எங்கும் இல்லை. அதேபோல் 2024 ஜனவரி 25 அன்று பொதுக் காப்பீட்டு மன்றம் அறிவித்த "எங்கும் கேஷ்லெஸ்" ஏற்பாடு நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவமனைகளுக்கானது, அதற்கும் மருத்துவமனையின் சம்மதம் தேவை. மருத்துவமனைகள் ஐஆர்டிஏஐயின் ஆளுகைக்குள் வருவதில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நெட்வொர்க் மருத்துவமனையைக் கட்டுப்படுத்துவது அது காப்பீட்டு நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம் மட்டுமே. அந்த ஒப்பந்தத்தைக் காட்டிக் கேட்கும் உரிமையும் முதலில் நிறுவனத்துக்குத்தான்.

ஆகவே முதலில் தெரிய வேண்டியது, மறுத்தது யார் என்பது. உங்கள் பாலிசியில் பதிவான கைபேசிக்குக் கோரிக்கை எண்ணோடு குறுஞ்செய்தி வந்ததா? வரவில்லை என்றால் பெரும்பாலும் டெஸ்க் எதையும் அனுப்பவில்லை என்று பொருள், காப்பீட்டு நிறுவனத்துக்கு உங்கள் தந்தையைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியாது. நிறுவனம் பார்த்து மறுத்திருந்தால் மறுப்புக் கடிதம் வந்திருக்கும், அதில் காரணமும் இருக்கும். இந்த இரண்டு மறுப்புகளுக்கும் மருந்து வேறு வேறு.

உங்கள் கேள்விக்குப் பதில்: ஆம், அவசியம் உண்டு. பொதுத்துறை நிறுவனங்கள் நான்கும் சேர்ந்து சென்னை போன்ற நகரங்களில் பிபிஎன் என்ற பெயரில் மருத்துவமனைகளோடு பேக்கேஜ் விலை பேசி வைத்திருக்கின்றன. பித்தப்பை அறுவை அந்தப் பட்டியலில் வழக்கமாக வரும் ஒன்று. உங்கள் மருத்துவமனையும் அந்த ஏற்பாட்டில் இருந்தால், நீங்கள் ரொக்க நோயாளியாகச் சேர்ந்து 1,42,000 கட்டினாலும், ரீஇம்பர்ஸ்மெண்டில் நிறுவனம் பேக்கேஜ் விலையைத் தாண்டித் தராது. பாலிசி வாசகத்திலேயே அப்படி ஒரு வரி இருக்கும், தேடிப் பாருங்கள். டிபிஏவின் எண்ணில் அழைத்து, இந்த மருத்துவமனையில் இந்த அறுவைக்கு, உங்கள் பாலிசிக்கு உரிய அறை வகையில் பேக்கேஜ் எவ்வளவு என்று கேளுங்கள். அந்த எண் தெரிந்தபின் மல்லுக்கட்டலாமா என்று நீங்களே முடிவு செய்வீர்கள்.

ரசீதுப்புலி | திங்கள், பகல் 1.05

எனக்கு இதில் உடன்பாடில்லை. நான் குடும்பத்தில் நான்கு முறை ரீஇம்பர்ஸ்மெண்ட் வாங்கியிருக்கிறேன், ஒரு முறைகூடப் பெரிய பிடித்தம் இல்லை. கேஷ்லெஸ்ஸில் டிஸ்சார்ஜ் அன்று மாலைவரை உட்கார்ந்திருக்க வேண்டும். கட்டிவிட்டு வந்தால் நிம்மதி. காகிதங்கள் சரியாக இருந்தால் பணம் வந்துவிடும்.

பழைய டிபிஏ ஆள் | திங்கள், பகல் 1.30

அந்த நான்கும் பேக்கேஜ் ஒப்பந்தம் உள்ள மருத்துவமனைகளா, புலி? நெட்வொர்க்குக்கு வெளியே உள்ள சிறிய மருத்துவமனை என்றால் நீங்கள் சொல்வது நடக்கும், ஏனென்றால் அங்கே ஒப்பிட்டுப் பார்க்க நிறுவனத்திடம் பேசிவைத்த விலை இருக்காது. அந்தப் பகுதியில் நியாயமாக வாங்கப்படும் கட்டணம் என்ற அளவுகோல் மட்டுமே இருக்கும், அது கொஞ்சம் நெகிழ்வானது.

ரசீதுப்புலி | திங்கள், பகல் 1.42

மூன்று வெளி மருத்துவமனை. நான்காவது நினைவில்லை.

தாமரைக்குளம் | திங்கள், மாலை 4.15

எங்கள் சித்தப்பாவுக்கும் இப்படித்தான் காப்பீட்டு அட்டையைக் காட்டியும் பணம் கேட்டார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட அறைக்குப் போய்ச் சொன்னோம், மறுநாளே சரியாகிவிட்டது. அட்டையில் சிகிச்சை என்றால் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது, தம்பி. நீங்களும் அங்கே போங்கள்.

பழைய டிபிஏ ஆள் | திங்கள், மாலை 4.40

அம்மா, நீங்கள் சொல்வது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். அதில் அரசே பிரீமியம் கட்டுகிறது, ஆண்டு வருமான வரம்பு உண்டு, புகார் வழியும் தனி. இவர் வைத்திருப்பது சொந்தமாகப் பிரீமியம் கட்டிய பாலிசி. ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனால் ஒரு நாள் வீணாகிவிடும், இவருக்கு இருப்பதோ மூன்று நாள்தான்.

வைகைக்கரை | திங்கள், மாலை 6.30

அனைவருக்கும் நன்றி. குறுஞ்செய்தி எதுவும் வரவில்லை. டிபிஏவை அழைத்தேன், என் பாலிசி எண்ணில் எந்தக் கோரிக்கையும் பதிவாகவில்லை என்று உறுதி செய்தார்கள். மருத்துவமனை பிபிஎன் பட்டியலில் இருக்கிறது. இருவர் தங்கும் அறையோடு பேக்கேஜ் 72,000 ரூபாய் என்றார்கள். ஆக, நான் பேசாமல் கட்டியிருந்தால் 70,000 ரூபாய் என் கையிலிருந்து போயிருக்கும், அதுவும் இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்திருக்கும். இப்போது டெஸ்க்கிடம் எப்படிப் பேசுவது? எழுத்தில் மறுப்புத் தரும்படி கேட்டேன், சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மருத்துவமனை மேசை | திங்கள், இரவு 8.50

நான் வேறொரு மருத்துவமனையில் அதே டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவள். எங்கள் பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். எங்களுக்கு மாதச் சம்பளம்தான், கேஷ்லெஸ் தராதே என்பது மேலிருந்து வரும் உத்தரவு. காப்பீட்டு நிறுவனங்கள் பேக்கேஜ் விலையைப் பல ஆண்டுகளாகத் திருத்தாமல் வைத்திருப்பதும், அனுமதித்த தொகையிலேயே பின்னர் பிடித்தம் செய்வதும், மீதியை மாதக்கணக்கில் நிலுவையில் வைப்பதும் உண்மை. அறுவை மருத்துவர் பெரும்பாலும் எங்கள் ஊழியர் அல்லர். தன் கட்டணம் பேக்கேஜுக்குள் அடங்காது என்று அவரே சொல்லிவிடுவார். நிர்வாகம் வெளிப்படையாக ஒப்பந்தத்திலிருந்து விலகாது, விலகினால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். அதனால்தான் "இப்போது செய்வதில்லை" என்ற வாய்மொழிப் பதில். எழுத்தில் கேட்டால் தரமாட்டோம், தரக் கூடாது என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

இதற்கு மேல் எழுதினால் என் வேலைக்கு ஆபத்து. ஒன்று மட்டும் சொல்கிறேன்: காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவமனைத் தொடர்புப் பிரிவிலிருந்து எங்கள் மேலாளருக்கு ஒரு அழைப்பு வந்துவிட்டால் அன்றே கோரிக்கை போய்விடும். நோயாளி டெஸ்க்கில் சத்தம் போடுவதால் போவதில்லை.

பழைய டிபிஏ ஆள் | திங்கள், இரவு 9.40

மேசை சொன்னது நூற்றுக்கு நூறு. எழுத்தில் மறுப்பு கிடைக்காது, ஆகவே நீங்களே எழுதுங்கள். இன்றிரவே மருத்துவமனையின் அதிகாரபூர்வ மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் அனுப்பி, காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கும் டிபிஏவுக்கும் பாலிசி வழங்கிய கிளைக்கும் அதே மின்னஞ்சலில் நகல் வையுங்கள். ஆவேசமான சொற்கள் வேண்டாம். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்தக் கவுன்ட்டரில், என்ன சொன்னார்கள் என்பதும், வியாழக்கிழமை அறுவை என்பதும், நாளை மதியத்துக்குள் முன் அனுமதிக் கோரிக்கையை அனுப்பும்படி வேண்டுகிறேன் என்பதும், "இதில் ஏதேனும் தவறு இருந்தால் மறுமொழியில் திருத்தவும்" என்ற ஒரு வரியும் போதும். யாரும் திருத்தாவிட்டால் அதுவே உங்கள் எழுத்துச் சான்று. மதிப்பீட்டுத் தாளின் படத்தையும் இணையுங்கள். 1,42,000 என்ற எண்ணைப் பார்த்தவுடன் நிறுவனத்துக்கு அக்கறை வரும்.

காலையில் கிளை மேலாளரை நேரில் பாருங்கள். ஐஆர்டிஏஐயின் bimabharosa.irdai.gov.in தளத்திலும் 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம், ஆனால் அந்தப் புகார் நிறுவனத்துக்குத்தான் போய்ச் சேரும், அதற்குப் பதில் சொல்ல நிறுவனத்துக்கு இரண்டு வாரம் இருக்கிறது. வியாழக்கிழமைக்கு அது உதவாது, பிற்பாடு வழக்காடத்தான் உதவும்.

அவசரமாகச் சேர்க்க நேர்ந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே இந்த மின்னஞ்சல் விளையாட்டுக்கெல்லாம் நேரமில்லை. முதலில் சிகிச்சை, முன்பணம் கட்டிச் சேர்த்துவிடுங்கள், சேர்த்த 24 மணி நேரத்துக்குள் டிபிஏவுக்குத் தகவல் சொல்லிப் பதிவு எண் வாங்கிவிடுங்கள். முன்பணம் கட்டியதாலேயே கேஷ்லெஸ் கதவு மூடிவிடாது, அனுமதி வந்தபின் அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்கலாம். கட்டும் பணம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே போகட்டும். மொத்தமாக 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டமும் இடம் தருவதில்லை. கடைசிவரை கேஷ்லெஸ் கிடைக்காவிட்டால், மருத்துவமனை நிரப்ப வேண்டிய கோரிக்கைப் படிவத்தின் இரண்டாம் பகுதியில் முத்திரையும், உள்நோயாளிக் குறிப்பேட்டின் நகலும் வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரி எல்லோர் கையிலும் இருக்கும், இந்த இரண்டும்தான் இருக்காது, அதற்காக மீண்டும் மீண்டும் மருத்துவமனைக்கு நடப்பார்கள். காகிதங்களை நிறுவனமே மருத்துவமனையிடம் கேட்டு வாங்க வேண்டும் என்று 2024 சுற்றறிக்கை சொல்கிறது. சொல்லட்டும், நீங்கள் வாங்கி வையுங்கள்.

காவேரித்தென்றல் | செவ்வாய், காலை 7.15

கெடு தாண்டினால் அனுமதி என்று நான் எழுதியது தவறுதான். சுற்றறிக்கையை மறுபடி படித்தேன். ஒரு ஐயம்: நிறுவனம் பார்த்தே மறுத்துவிட்டால் கோரிக்கை முழுவதுமே தள்ளுபடியா?

பழைய டிபிஏ ஆள் | செவ்வாய், காலை 8.05

இல்லை. மறுப்புக் கடிதத்தின் அடியிலேயே, இது சிகிச்சைக்கான மறுப்பும் அல்ல, இறுதிக் கோரிக்கைக்கான மறுப்பும் அல்ல, ரீஇம்பர்ஸ்மெண்டாகச் சமர்ப்பிக்கலாம் என்ற வரி வழக்கமாக இருக்கும். எங்கள் பிரிவில் கேஷ்லெஸ் மறுப்புகளில் பல, ஆவணம் போதாமையால் நடந்தவை. சர்க்கரை நோய் எப்போதிலிருந்து என்ற ஒரு கேள்விக்கு மருத்துவமனை பதில் போடாமல் விட்டிருக்கும், நாங்கள் "இந்த நிலையில் உறுதி செய்ய இயலவில்லை" என்று மூடிவிடுவோம். நோயாளியின் வீட்டார் அதைத் தள்ளுபடி என்று நினைத்து விட்டுவிடுவார்கள், எவ்வளவு பேர் அப்படி விட்டார்கள் என்று நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

வைகைக்கரை | புதன், மாலை 5.20

மின்னஞ்சலைத் திங்கள் இரவே அனுப்பினேன். செவ்வாய் காலை கிளைக்குப் போனேன். மேலாளர் கடிதத்தைப் படித்துவிட்டு யாரையோ தொலைபேசியில் அழைத்தார், பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசினார். இன்று காலை 9.40க்கு மருத்துவமனையே என்னை அழைத்து ஆதாரும் பாலிசி அட்டையும் கேட்டது. 10.25க்குப் பதிவு எண்ணோடு குறுஞ்செய்தி வந்தது. பிறகு ஒரு கேள்வி வந்தது: வலி எப்போது தொடங்கியது, பழைய ஸ்கேன் அறிக்கை எங்கே என்று. நானே ஸ்கேன் அறிக்கையை டெஸ்க்கில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிற்பகல் 2 மணிக்கு முதற்கட்ட அனுமதியாக 50,000 வந்துவிட்டது.

மருத்துவமனை மேசை | புதன், இரவு 9.10

முதலில் குறைவாகத்தான் தருவார்கள், இறுதி பில் போனதும் பேக்கேஜ் வரை உயர்த்துவார்கள், கவலைப்படாதீர்கள். இருவர் தங்கும் அறையிலேயே இருங்கள். தனி அறைக்கு மாறினால் அறையின் வித்தியாசம் மட்டுமல்ல, மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் வரை அதே விகிதத்தில் உங்கள் தலையில் ஏறிவிடும்.

வைகைக்கரை | ஞாயிறு, காலை 9.00

அறுவை நல்லபடியாக முடிந்தது, அப்பா நேற்று வீடு திரும்பிவிட்டார். ஆனால் முழு வெற்றி என்று சொல்ல முடியவில்லை.

டிஸ்சார்ஜ் என்று காலை 11.10க்குச் சொன்னார்கள், இறுதி அனுமதி மாலை 4.35க்குத்தான் வந்தது. மூன்று மணி நேரத்துக்குள் வர வேண்டும் அல்லவா? மொத்தம் 72,000க்கு அனுமதி. கையுறை, அட்மிஷன் கிட் முதலியவற்றுக்கு 3,150 கட்டினேன். அதற்கு மேல், அறுவை மருத்துவரின் தனிக் கட்டணம் என்று 18,000 ரொக்கமாகக் கேட்டார்கள், ரசீது கிடையாது என்றார்கள். ரசீது இல்லாமல் தரமாட்டேன் என்று நின்றேன். ஒரு மணி நேரம் கழித்து "சிறப்புக் கருவிக் கட்டணம்" என்ற பெயரில் ரசீது போட்டுத் தந்தார்கள், யுபிஐ வழியாகச் செலுத்தினேன். இந்த 18,000ஐத் திரும்பப் பெற வழி உண்டா?

மருத்துவமனை மேசை | ஞாயிறு, காலை 10.30

அந்த மூன்று மணி நேரமும் நாங்கள் இறுதி பில்லை அனுப்பிய பிறகுதான் தொடங்கும். 11.10க்குச் சொன்னது மருத்துவர். மருந்தகத்தில் திருப்பிய மருந்துகளைக் கழித்து, ஆய்வகக் கணக்கை மூடி, சம்மரியைத் தட்டச்சு செய்து அனுப்ப எங்களுக்கே பல மணி நேரம் ஆகும். உங்கள் கைபேசியில் "இறுதிக் கோரிக்கை பெறப்பட்டது" என்ற செய்தியின் நேரத்தைப் பாருங்கள்.

வைகைக்கரை | ஞாயிறு, காலை 10.50

1.50 என்று இருக்கிறது.

ரசீதுப்புலி | ஞாயிறு, காலை 11.20

18,000க்கு ரசீது இருக்கிறதே, அதை ரீஇம்பர்ஸ்மெண்டாக அனுப்பிவிடுங்கள். பாலிசியில் இன்னும் நான்கு லட்சத்துக்கு மேல் மீதி இருக்கிறது.

பழைய டிபிஏ ஆள் | ஞாயிறு, பகல் 12.30

அனுப்பலாம், தள்ளுபடியாகித் திரும்பும். பேக்கேஜ் என்றாலே அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், அரங்கம், கருவி எல்லாம் அதற்குள் அடக்கம் என்பது நிறுவனத்தின் நிலை. ஆகவே உங்கள் வாதம் நிறுவனம் இந்த 18,000ஐத் தர வேண்டும் என்பதாக இருக்கக் கூடாது. ஒப்பந்தத்தை மீறி மருத்துவமனை வசூலித்ததைத் திருப்பித் தரச் செய்ய வேண்டும் என்பதாக இருக்க வேண்டும். ரசீதோடு குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். மருத்துவமனைக்குக் கொடுக்க வேண்டிய தொகையில் நிறுவனம் பிடித்துக்கொண்டு நோயாளிக்குத் தந்த நிகழ்வுகளை நான் பார்த்திருக்கிறேன், எப்போதும் நடக்கும் என்று சொல்லமாட்டேன்.

3,150இலும் ஒரு கண் வையுங்கள். சோதனைக் கையுறை போன்றவை நோயாளி கட்ட வேண்டியவைதான், அட்மிஷன் கிட் அறைக் கட்டணத்துக்குள் அடங்க வேண்டியது. பஞ்சு, அறுவைக் கத்தி போன்றவை அந்தப் பட்டியலில் இருந்தால் அவை அறுவைக் கட்டணத்துக்குள் அடங்க வேண்டியவை. இவற்றைத் தனியாக வாங்கியிருக்கக் கூடாது.

காவேரித்தென்றல் | ஞாயிறு, பகல் 1.15

காப்பீட்டு ஓம்பட்ஸ்மேனிடம் போகலாமே? சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது, கட்டணமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

பழைய டிபிஏ ஆள் | ஞாயிறு, பகல் 1.50

போகலாம். முதலில் நிறுவனத்துக்கு எழுதிவிட்டு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும், நிறுவனத்தின் முடிவு வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். ஆனால் அவர் காப்பீட்டு நிறுவனத்துக்கு எதிராகத்தான் உத்தரவிட முடியும், மருத்துவமனைக்கு எதிராக முடியாது. மருத்துவமனைமீது நேராகப் போவதென்றால் நுகர்வோர் ஆணையம்தான்.

காவேரித்தென்றல் | ஞாயிறு, பகல் 2.20

நான் அப்படிப் பார்க்கவில்லை. இந்த மருத்துவமனையைத் தன் பட்டியலில் காட்டியது நிறுவனம். அந்தப் பட்டியலை நம்பித்தான் இவர் அங்கே போனார். மருத்துவமனை ஒப்பந்தத்தை மீறினால் அந்த இழப்பை நிறுவனம் ஏற்றுக்கொண்டு, பிறகு மருத்துவமனையிடம் வசூலித்துக்கொள்ளட்டும். ஓம்பட்ஸ்மேன் முன் இதை வாதமாக வைக்கத் தடை என்ன?

பழைய டிபிஏ ஆள் | ஞாயிறு, பகல் 2.45

தடை இல்லை. ஏற்பார் என்று உறுதி சொல்ல என்னால் முடியாது, அவ்வளவுதான். திங்களன்று இவர் பேசாமல் 1,42,000 கட்டியிருந்தால் அந்த வாதம் இன்னும் வலுவாக இருந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

வைகைக்கரை, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். பிபிஎன் மருத்துவமனைகளில் சேர்க்கும்போது நோயாளியிடம் ஓர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். பேக்கேஜுக்கு மேல் நானாக விரும்பிக் கேட்ட வசதிகளுக்கு நானே கட்டுகிறேன் என்று அதில் நிரப்பும் இடம் இருக்கும். அதில் என்ன எழுதியிருந்தது? வெற்றிடமாக இருந்தபோது கையெழுத்திட்டிருந்தால் சிறப்புக் கருவி என்று இப்போது நிரப்பியிருப்பார்கள்.

வைகைக்கரை | ஞாயிறு, மாலை 6.05

அப்பாவிடம் கேட்டேன். புதன் இரவு சேர்க்கும்போது நான்கைந்து தாள்களில் கையெழுத்து வாங்கினார்களாம், கண்ணாடி பையில் இருந்ததால் எதையும் படிக்கவில்லையாம். நகல் எதுவும் எங்களிடம் இல்லை. நாளை காலை உள்நோயாளிக் குறிப்பேட்டோடு அந்தப் படிவத்தின் நகலையும் எழுத்தில் கேட்கப் போகிறேன், கிடைத்ததும் இங்கே பதிவிடுகிறேன்.